அடி இல்லாத பெட்டி

பவுலின் அக்காவின் கல்யாணச் சேலை முந்தானைக்கு நான் சொன்ன விலை நாலாயிரத்து ஐந்நூறு ரூபா. வாங்கும் எண்ணத்தில் சொல்லவில்லை. மேசையில் துணி விரிந்தால் என் வாயில் விலை வந்துவிடும்; அது எங்கள் பரம்பரை விக்கல். வாப்பா இழவு வீட்டில்கூட மையத்தின் வெள்ளைத் துணியை இரண்டு விரலால் தடவிப் பார்த்து, யார் என்ன விலைக்கு எடுத்தீர்கள் என்று கேட்டுவிட்டு வந்தவர்.

பவுலின் அக்கா கோபிக்கவில்லை. டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிள்ளைக் காம்பராவில் முப்பது குழந்தைகளைத் தூங்கவைக்கிறவருக்கு நான் ஒரு பொருட்டா? என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஒங்க பொஞ்சாதிக்கு என்ன வெல போடுவீங்க, தம்பி?" என்றார்.

தையல் மெஷினை நிறுத்தாமலே என் மனைவி றம்ஸியா பதில் சொன்னாள். "வாங்கின வெலைக்கே குடுத்திருவாரு அக்கா. லாபமே வேணாம்னு."

ஹற்றன் பிரதான வீதியில் எங்கள் கடை. முன்னால் துணி, ரிப்பன், பரிசுத் தாள். பின்னால் றம்ஸியாவின் மெஷின். கல்யாணங்களுக்குக் கேக் ஸ்ட்ரக்சருக்கு உறை தைப்பது அவளுடைய வேலை. பெயர்தான் கேக். மண்டபத்தின் நடுவில் மாடி மாடியாக நிற்கும் அந்த அலங்காரத்தில் வெட்டுகிற ஒரு துண்டைத் தவிர மற்றதெல்லாம் ரிஜிஃபோம் என்கிற நுரைப் பலகையும் அட்டையும்தான். உண்மையான கேக் துண்டு துண்டாகச் சின்னப் பெட்டிகளில் விருந்தாளிகள் கைக்குப் போகும். வியாபாரத்தில் இதற்கு நாங்கள் வேறு பெயர் வைத்திருக்கிறோம், கல்யாணத்தில் ஸ்ட்ரக்சர் என்கிறார்கள்.

சனிக்கிழமை பவுலின் அக்காவின் மகள் நிரோஜினிக்குக் கல்யாணம். அன்று வியாழன். ஸ்ட்ரக்சரைத் தன்னுடைய கல்யாணச் சேலையால் மூட வேண்டும் என்பது அக்காவின் ஆசை. வெள்ளிச் சரிகை ஓடும் வெள்ளைப் பட்டு. சேலையின் உடல் ஏற்கனவே, மணப்பெண்ணுக்கு முன்னால் பூ ஏந்தி நடக்கும் பூப்பிள்ளைகளின் சட்டையாகிவிட்டது. மிஞ்சியது முந்தானைப் பக்கம்: அகலம் நாற்பத்தைந்து அங்குலம், நீளம் ஐம்பத்திரண்டு.

அக்காவின் ஆசைக்கு எதிரில் ஒரு போட்டி இருந்தது. மாப்பிள்ளை ஜூட்சன் வத்தளைக்காரர். அவருடைய அக்கா அனுஷ்கா, தங்கள் பக்கத்து நிறம் லைலாக், அதாவது இளம் ஊதா என்றும், பழைய சேலையைப் பெட்டியில் சுற்றினால் படத்தில் எடுபடாது என்றும், போனில் மிக மரியாதையாகச் சொல்லியிருந்தார். துணி போதவில்லை என்றால் எங்கள் கடையிலேயே லைலாக் சாட்டின் வெட்டச் சொல்லி, ஆறு மணிக்குள் பதில் கேட்டிருந்தார். ஆகவே நிலைமை இப்படி: முந்தானை போதும் என்றால் பவுலின் அக்காவுக்குச் சந்தோஷம், போதாது என்றால் எனக்கு வியாபாரம். அல்லாஹ் மனிதனை இப்படியெல்லாம் சோதிப்பான் என்று மதரசாவில் சொல்லித் தந்திருக்கிறார்கள், சாட்டினை வைத்துச் சோதிப்பான் என்று சொல்லவில்லை.

போதுமா போதாதா என்று பார்க்கப் பெட்டி எங்கள் கையில் இல்லை. ஸ்ட்ரக்சரைச் செய்தது அக்காவின் தங்கச்சி மகள் சுலக்ஷனா, அக்கரப்பத்தனையில். கீழே ஒரு நீள்பெட்டி, அதன்மேல் ஓர் உருளை. சனிக்கிழமை காலை அது வேனில் நேரே மண்டபத்துக்கு வரும். அதற்குள் உறை தைத்து முடிந்திருக்க வேண்டும். சுலக்ஷனா கெட்டிக்காரி. பெட்டிக்கும் உருளைக்கும் பத்திரிகைத் தாளை ஒட்டி உடுத்தி, பிறகு கழற்றி, சீமெந்துத் தரையில் விரித்து, அளவுகளை மார்க்கரால் எழுதிப் படம் பிடித்து றம்ஸியாவின் போனுக்கு அனுப்பியிருந்தாள். கீழே ஒரு வரி:

"ரெண்டுக்கும் அடி இல்ல அக்கா. பாத்து வெட்டுங்க."

நான் படத்தைப் பார்த்தேன். பெட்டிக்கு இருபத்துநாலு, பதினெட்டு, பத்து என்று எழுதியிருந்தது. உருளையைச் சுற்றிய தாள் நாற்பத்துநாலுக்கு ஒன்பது. பத்தும் ஒன்பதும் உயரம். ஓர் அடிக்குப் பன்னிரண்டு அங்குலம். சரிதான், இரண்டுமே ஓர் அடி இல்லை. எங்கள் கடையில் துண்டுத் துணியைத் தூக்கிப் பிடித்து "இது யார் இல்ல" என்றால் ஒரு யாருக்கு, அதாவது மூன்றடிக்குக் குறைவு என்று அர்த்தம். பிள்ளை நம்ம பாஷையில் எழுதியிருக்கிறாள், உயரத்தைக் கூட்டிப் போட்டுவிடாதீர்கள் என்று எச்சரிக்கிறாள் என்று மெச்சிக்கொண்டேன்.

கணக்கை நான்தான் போட்டேன். பில் புத்தகத்தின் பின்பக்கம் எனக்குப் பள்ளிக்கூடத்துக் கரும்பலகையைவிடப் பழக்கமானது. பெட்டிக்கு ஆறு முகம். மேலும் கீழும் இருபத்துநாலுக்குப் பதினெட்டு, இரண்டும் சேர்ந்து எண்ணூற்று அறுபத்துநாலு சதுர அங்குலம். நீளப் பக்கங்கள் இரண்டு, நானூற்று எண்பது. குட்டைப் பக்கங்கள் இரண்டு, முந்நூற்று அறுபது. மொத்தம் ஆயிரத்து எழுநூற்று நாலு. உருளைக்குச் சுற்றுத் தாள் முந்நூற்றுத் தொண்ணூற்றாறு. வட்டத்துக்கு அவள் அளவு எழுதவில்லை. ஆனால் சுற்றளவு நாற்பத்துநாலு என்றால் குறுக்கே பதினாலு, ஆரை ஏழு, ஒரு வட்டம் நூற்றைம்பத்துநாலு. மேலும் கீழும் இரண்டு வட்டம். உருளை மொத்தம் எழுநூற்று நாலு. இரண்டும் கூட்டினால் இரண்டாயிரத்து நானூற்று எட்டு.

முந்தானை நாற்பத்தைந்து பெருக்கல் ஐம்பத்திரண்டு. இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது.

அறுபத்தெட்டு சதுர அங்குலம் குறைவு. ஒரு கைக்குட்டைகூட அல்ல, கைக்குட்டையின் பாதி. அதிலும் தையல் மடிப்பை நான் இன்னும் சேர்க்கவே இல்லை.

இதைச் சொன்னபோது பவுலின் அக்கா முந்தானையின் ஓரத்தை விரலில் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார். கல்யாணத்தில் எல்லாம் வத்தளைப் பக்கத்து விருப்பம் என்று அவர் பிறகு சொன்னார்; மண்டபம், பாட்டுக்காரர், சாப்பாடு எல்லாம். ஒரு பொருளாவது தன் வீட்டிலிருந்து நடுவில் நிற்கட்டும் என்று நினைத்தாராம். அப்படிச் சொல்லிவிட்டு, பரவாயில்லை தம்பி, அந்த லைலாக்கைக் காட்டுங்க என்றார்.

நான் எழுந்து சாட்டின் சுருளை எடுத்தேன். எடுத்தேன் என்றால், கை எடுத்தது. மனசு அறுபத்தெட்டிலேயே நின்றது. நாலாயிரம் ஐயாயிரத்தில் பேரம் பேசி ஜெயித்தவன் அறுபத்தெட்டு சதுர அங்குலத்திடம் தோற்பதா?

பேரம் என்றால் முதலில் எதிராளி எங்கே விட்டுக்கொடுப்பான் என்று தேட வேண்டும். தேடினேன், கிடைத்தது. உருளை பெட்டியின் தலையில் உட்காரப் போகிறது. உட்காரும் இடம் யார் கண்ணுக்கும் தெரியாது. அந்த இடத்தில் பதினாலு அங்குல வட்டமாகத் துணியை வெட்டி எடுத்து, அதையே உருளையின் கீழ் வட்டமாக வைத்துவிட்டால் நூற்றைம்பத்துநாலு மிச்சம். குறைவு அறுபத்தெட்டு போக எண்பத்தாறு கையில் நிற்கும். வெற்றியோடு இதை அறிவித்தேன்.

றம்ஸியா சோக்கால் துணியின்மேல் நாலு கோடு இழுத்துப் பார்த்தாள். "கணக்குக்கு வரும்," என்றாள். "கத்திரிக்கு வராது."

இருபத்துநாலுக்குப் பதினெட்டில் இரண்டு பெரிய துண்டு, நாற்பத்துநாலு நீளத்தில் ஒரு பட்டி, நாலு பக்கத் துண்டு, இவையெல்லாம் தனித்தனிச் செவ்வகம். பரப்பளவைத் தண்ணீர் மாதிரி மூலையில் ஊற்ற முடியாது, மடிப்புக்கு ஒவ்வொரு துண்டிலும் சுற்றிவர அரை அங்குலம் வேறு வேண்டும் என்று விளக்கினாள். பவுலின் அக்கா அதைவிடச் சுருக்கமாக, தன் சேலையில் ஓட்டை போட விடமாட்டேன் என்றார்.

"தெரியாத எடத்துக்கு எதுக்குக்கா துணி?" என்று நான் விடவில்லை. "உருளைக்குக் கீழ யாரு பாக்கப் போறா?"

"அப்ப பெட்டிக்குக் கீழயும்தான் யாரும் பாக்கப் போறதில்ல," என்றார் அக்கா, என்னை மடக்குவதற்காக.

றம்ஸியாவின் சோக்கு நின்றது.

கீழ்ப்பக்கத்தை நாங்கள் எப்போதும் மூடுவோம். அது பழக்கம். ஹற்றனில் இப்போது எல்லோரும் கேட்பது கால் வைத்த ஸ்ட்ரக்சர். மாடிக்கு மாடி தூண் நிற்கும், மேசையில் கண்ணாடி விரித்திருக்கும், பெட்டியின் கீழ்ப்பக்கம் கண்ணாடியில் தெரியும். ஆறு முகமும் மூடாவிட்டால் படமெடுக்கிறவரே சண்டைக்கு வருவார். ஆனால் இந்தப் பெட்டிக்குக் கால் இருக்கிறது என்று எங்களுக்கு யார் சொன்னது? றம்ஸியா போனைக் கேட்டாள்.

அப்போதுதான் கவனித்தேன், நான் படத்தைத் திறக்கவே இல்லை. மெசேஜுக்கு நடுவில் தெரிகிற சின்னப் படத்திலேயே, போனைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து எழுத்தைப் படித்திருக்கிறேன். போன் அந்தச் சின்னப் படத்தில் மேலையும் கீழையும் வெட்டித்தான் காட்டும். தெரியாத முகங்களெல்லாம் வெட்டுப்பட்ட பக்கத்தில் இருக்கும் என்று நானே நினைத்துக்கொண்டேன். சுலக்ஷனா எடுக்கிற படத்தில் மனிதர்களுக்கே தலை இருக்காது, பெட்டிக்கு எங்கே இருக்கப் போகிறது என்று ஒரு நியாயம் வேறு.

றம்ஸியா தொட்டதும் படம் முழுதாக விரிந்தது. நடுவில் இருபத்துநாலுக்குப் பதினெட்டுச் செவ்வகம். அதன் நாலு ஓரத்திலும் பத்து அங்குல அகலத்தில் நாலு பட்டி, சிலுவை மாதிரி. படம் சாய்வாக எடுத்தது, தூரத்துப் பட்டி குட்டையாகத் தெரிந்தது. எழுதிய அளவை நம்பினோமே தவிரக் கண்ணை நம்பவில்லை. எண்ணினோம். நடுவில் ஒன்று, சுற்றி நாலு. ஐந்து.

"ஆறாவது படத்துக்கு வெளிய போயிருக்குமோ?" என்றேன்.

அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று றம்ஸியா யோசித்தாள். ஆறாவது முகம் இருந்திருந்தால் நாலு பட்டிகளில் ஏதாவது ஒன்றின் வெளி ஓரத்தில்தான் தொங்க வேண்டும். நாலு வெளி ஓரத்தையும் விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். நாலிலும் கத்திரி போன நேர்கோடு, அதற்கப்பால் வெறும் சீமெந்து. தாள் போதாமல் தனித் துண்டாக ஒட்டியிருந்தால்? அப்படியென்றால் ஓரத்தில் டேப் இருக்க வேண்டும். உருளையின் நீளப் பட்டியில் பார்த்தோம்: மேல் ஓரத்தில் வரிசையாக டேப் கிழிந்த தடம், பக்கத்தில் ஒரேயொரு வட்டம். கீழ் ஓரம் சுத்தம். அங்கே எதுவும் ஒருபோதும் ஒட்டியிருக்கவில்லை. பெட்டியின் நாலு வெளி ஓரமும் அதே மாதிரி சுத்தம்.

அப்படியும் என் வியாபாரப் புத்தி சமாதானப்படவில்லை. காணாமல் போனது கீழ்முகம்தான் என்று எப்படித் தெரியும்? முன்பக்கம் காணாமல் போயிருந்தால் சனிக்கிழமை மானம் போய்விடுமே. றம்ஸியா என் பில் புத்தகத்தில் ஒரு தாளைக் கேட்காமல் கிழித்து, படத்திலிருந்த சிலுவையைச் சின்னதாக வெட்டி, நாலு பட்டியையும் கீழே மடித்தாள். நீளப் பக்கம் நீளப் பக்கத்துக்கு எதிரில் வந்தது, குட்டை குட்டைக்கு எதிரில். மூலைகள் ஒன்றோடொன்று பொருந்தின. பக்கம் நாலும் இருக்கிறது, கூரை இருக்கிறது. பவுலின் அக்கா அந்தக் குட்டிப் பெட்டியை வாங்கித் தலைகீழாகத் திருப்பி உள்ளே பார்த்தார்.

"இதுக்கு அடி இல்லையே," என்றார்.



றம்ஸியா சிரிக்கத் தொடங்கினாள். போனை என் முகத்துக்கு நேரே நீட்டி அந்த வரியை ஒவ்வொரு சொல்லாக வாசித்தாள். ரெண்டுக்கும். அடி. இல்ல. அந்தப் பிள்ளை எழுத வேண்டியதைத் தெளிவாகத்தான் எழுதியிருக்கிறாள். உலகத்தில் அடி என்றால் பாத்திரத்துக்கும் பெட்டிக்கும் கிணற்றுக்கும் கீழ்ப்பக்கம். முழக்கோலோடு பிறந்த ஒரு குடும்பத்துக்கு மட்டும் அது பன்னிரண்டு அங்குலம்.

"ஒங்களுக்கு வேற அடிதான் சரி, தம்பி," என்றார் பவுலின் அக்கா. அவர் முகத்தில் அன்றைக்கு வந்த முதல் சிரிப்பு அது.

சுலக்ஷனாவுக்கு உடனே போன் எடுத்தோம். அக்கரப்பத்தனையில் மழை, போன் கோபுரம் படுத்துவிட்டது. எத்தனை தடவை எடுத்தாலும் இணைப்பு இல்லை என்று சொல்லும் பதிவுக் குரல் சிங்களப் பெண்மணி அதே கனிவோடு மறுத்தார். மணி ஐந்தரை தாண்டிவிட்டது. நான் புதுக் கணக்கைப் போட்டேன். பெட்டியில் நானூற்று முப்பத்திரண்டைக் கழித்தால் ஆயிரத்து இருநூற்று எழுபத்திரண்டு. உருளையில் ஒரு வட்டம் போனால் ஐந்நூற்றைம்பது. மொத்தம் ஆயிரத்து எண்ணூற்று இருபத்திரண்டு. முந்தானையில் ஐந்நூற்றுப் பதினெட்டு மிச்சம்.

கணக்குக்கு வந்துவிட்டது. கத்திரிக்கு வருமா என்று றம்ஸியா சோக்கோடு குனிந்தாள். ஒரு தலைப்பில் உருளையின் நீளப் பட்டி. நாற்பத்துநாலோடு இரண்டு பக்கமும் அரை அரை அங்குல மடிப்பு, சரியாக நாற்பத்தைந்து, மூச்சுவிட இடமில்லை. அதற்குக் கீழே இடது பக்கம் பெட்டியின் கூரை, அதன்கீழ் நீளப் பக்கங்கள் இரண்டு. மடிப்போடு கூட்டினால் ஐம்பத்தொன்று, துணி ஐம்பத்திரண்டு. வலது பக்கம் குட்டைப் பக்கங்கள் இரண்டும் வட்டமும். ஏழு துண்டும் உட்கார்ந்தன.

கத்திரியை எடுத்தவள் வெட்டவில்லை. பவுலின் அக்காவைப் பார்த்தாள். சுலக்ஷனா வாயால் சொல்லிக் கேட்கவில்லை. நாங்கள் ஒரு படத்தையும் அதிலுள்ள டேப் தடத்தையும் நம்பி வெட்டப் போகிறோம். தப்பென்றால் இந்தப் பட்டு திரும்பவும் முழுசாகாது. இதை நான் சொன்னேன். சொல்லும்போது என் கை சாட்டின் சுருளின்மேல் இருந்ததை இருவரும் பார்த்தார்கள்.

பவுலின் அக்கா அந்தக் காகிதப் பெட்டியை மறுபடி எடுத்தார். விரித்தார், சிலுவையாயிற்று. மடித்தார், பெட்டியாயிற்று. பிறகு அதை மேசையில் கவிழ்த்து வைத்து, நாலு பக்கமும் சுற்றிப் பார்த்தார். மேசையில் கவிழ்ந்த பிறகு அதில் குறை என்று எதுவும் தெரியவில்லை.

"வெட்டுங்க," என்றார்.

பட்டில் கத்திரி போகிற சத்தம் எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். அன்றைக்குத்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். முதல் துண்டு கழன்ற பிறகு அனுஷ்காவை நானே அழைத்து, துணி போதும், மிச்சமும் இருக்கிறது என்றேன். அவர் "சந்தோஷம்" என்ற விதம் சாட்டினைவிட வழுவழுப்பாக இருந்தது. வியாபாரி சும்மா இருப்பானா? லைலாக்கை மேசைக்குப் பாவாடையாகக் கட்டினால் வெள்ளைப் பட்டு இன்னும் எடுப்பாகத் தெரியும், வத்தளை நிறமில்லாமல் எங்கள் ஸ்ட்ரக்சர் எதில்தான் நிற்பது என்று கேட்டேன். அவர் ஐந்து யார் வெட்டச் சொன்னார்.

சுலக்ஷனாவின் பதில் வெள்ளிக்கிழமை காலை வந்தது, உறை தைத்து முடிந்த பிறகு. குரல் பதிவு. அடி ஏன் இல்லை என்று அப்போதுதான் எங்களுக்கும் விளங்கியது: பெட்டியை வேண்டுமென்றே கூடாகச் செய்திருக்கிறாள். விருந்தாளிகளுக்குக் கொடுக்கிற கேக் துண்டுப் பெட்டிகளை மேசையில் அடுக்கி, அதன்மேல் ஸ்ட்ரக்சரைக் குடை மாதிரிக் கவிழ்க்கப் போகிறாளாம். அதைத்தானே ரெண்டு சொல்லில எழுதினேன் என்று முடித்திருந்தாள்.

சனிக்கிழமை காலை மண்டபத்தில் உறை, பெட்டியில் தொப்பி மாதிரி இறங்கியது. உருளையில் சரிகைக் கரை ஒரு சுற்றுச் சுற்றித் தன் தொடக்கத்தையே தொட்டது. அனுஷ்கா கிட்டப் போய்த் தடவிப் பார்த்தார். பழைய சேலைதான் என்று நம்பாமல், எந்தக் கடையில் எடுத்தது என்று பவுலின் அக்காவைக் கேட்டார். அக்கா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். மிஞ்சிய துண்டில் றம்ஸியா ஒரு பூ முடிச்சுக் கட்டி, கேக் வெட்டும் கத்தியின் பிடியில் வைத்திருந்தாள்.

வெட்டி முடிந்ததும் சுலக்ஷனாவும் பவுலின் அக்காவின் புருஷன் லியனார்ட் அண்ணனும் இரண்டு பக்கம் பிடித்து ஸ்ட்ரக்சரைத் தூக்கினார்கள். கீழேயிருந்து கேக் பெட்டிகள் அடுக்கடுக்காக வெளிப்பட்டபோது பிள்ளைகள் கத்தினார்கள், அப்பா என்கிற கடமையில் விறைத்து நின்ற லியனார்ட் அண்ணனே சிரித்துவிட்டார். அதுவரை புகைப்படத்துக்கு மட்டும் பல்லைக் காட்டிய மணப்பெண் நிரோஜினி அம்மாவின் தோளில் சாய்ந்து, இது உங்க சேலையாம்மா என்று கேட்டாள். எங்கள் மேசை வரைக்கும் கேட்டது.

வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் றம்ஸியா கணக்கு முடித்துவிட்டீர்களா என்று கேட்டாள். முடித்துவிட்டேன். பெட்டிக்கு முகம் ஆறு, உருளைக்கு மூன்று, ஆக ஒன்பது. மூடியது பெட்டியில் ஐந்து, உருளையில் இரண்டு, ஆக ஏழு. பாக்கி இரண்டு அடி.